ஏற்காட்டு மழைக்கணக்கைக் கேட்டு நான் எழுதிய கடிதம்

எம்.எஸ்சி. புள்ளியியல் கடைசி செமஸ்டரில் எனக்கு ப்ராஜெக்ட் பூமழை பற்றியது. காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். மார்ச், ஏப்ரலில் காய்ந்து கிடக்கும் செடியில் மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஓர் அங்குல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூத்துவிடும். தூறலோடு நின்றுபோனால் பூ சரியாக விரியாது, அந்த வருஷ விளைச்சல் அடிபடும். இந்த மழை வருகிற தேதியும் அளவும் வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இதற்குத் தினசரி மழை அளவு வேண்டும், அதுவும் மலை மேலே அளந்ததாக இருக்க வேண்டும்.

இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, தினசரி மழை அளவை இலவசமாகத் தருகிறது. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு கட்டத்தின் பக்கம் 0.25 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். சேலம் நகரமும் ஏற்காடும் ஒரே கட்டத்துக்குள் விழுகின்றன. கீழே சேலம் முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரம், மேலே ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அஸ்தம்பட்டியில் வெயில் கொளுத்தும்போது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே மழை கொட்டுவதை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அந்த வித்தியாசம் இந்தக் கட்டக் கணக்கில் தெரியவே தெரியாது.

தேடியபோது, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எஸ்டேட் வைத்திருக்கும் ஒரு பெரியவரின் இணையதளம் கிடைத்தது. தன் தோட்டத்து மழைமானியில் தினமும் எடுத்த அளவை அவர் வருஷக்கணக்காகப் போட்டு வந்திருக்கிறார். எனக்கு வேண்டியது 2013 முதல் 2023 வரை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பாஸ்வேர்டு கிடையாது. "பப்ளிக்கா தானே இருக்கு, எடுத்துக்க வேண்டியதுதானே" என்று வகுப்பில் எல்லோரும் சொன்னார்கள். என் கைடு மேடம் மட்டும், அனுமதிக் கடிதம் இல்லாமல் முதல் ரிவ்யூவில் உட்கார வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது கடுப்பாக இருந்தது. இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன்.

துறையில் அனுமதி கேட்பதற்கென்று ஒரு மாதிரிக் கடிதம் உண்டு. கம்பெனிக்கு ப்ராஜெக்ட் கேட்டுப் போகும் மாணவர்களுக்காக எப்போதோ டைப் செய்தது. "எங்கள் துறை மாணவி தங்கள் நிறுவனத்தின் தரவுகளைக் கல்வி நோக்கத்துக்காகப் பயன்படுத்தத் தாங்கள் அனுமதி வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று இருக்கும். கீழே துறைத் தலைவர் கையெழுத்து, சீல். அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதில் இல்லை. வாரங்கள் ஓடின. அந்தக் கடிதத்தை அவர் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். எந்தத் தரவு, எவ்வளவு, எப்படி எடுப்பார்கள், எடுத்து எங்கே போடுவார்கள் என்று ஒன்றுமே அதில் இல்லை. சரி என்று சொன்னால் எதற்குச் சரி சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட கடிதத்துக்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். காரணம் கோபம் இல்லை, என்ன எழுதுவது என்று தெரியாததுதான்.

இந்த இடைவெளியில்தான் பெரிய அடி விழுந்தது. எனக்குப் புரோகிராம் எழுத வராது. சீனியர் ஒருவர் சொல்லி, சேலத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 4,500 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். பக்கங்களைத் திறந்து எண்களை எடுக்கும் புரோகிராமை அவர்கள் எழுதி வைக்க வேண்டும், அனுமதி வந்த பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அங்கிருந்து போன். "மேடம், சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம், சைட் இப்ப ஓப்பனே ஆகல." என் மொபைலில் திறந்தேன். வெள்ளைத் திரையில் ஒரே வரி: `508 Resource Limit Is Reached`.

அப்படியென்றால் என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன். தனிநபர்கள் நடத்தும் தளங்கள் பெரும்பாலும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கும். ஒரே சர்வரைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரே சமயத்தில் இத்தனை கோரிக்கைகள்தான் என்று வரம்பு உண்டு. சென்டர்காரர்கள் சீக்கிரம் முடியட்டும் என்று ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வரம்பு நிரம்பியதும், அந்த எஸ்டேட்காரரே தன் தளத்தைத் திறந்திருந்தாலும் இதே வரிதான் வந்திருக்கும். மறுநாள் தளம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் சென்டரின் இணைப்பிலிருந்து பார்த்தால் மட்டும் `403 Forbidden`. அந்த ஐபி முகவரியைத் தடுத்துவிட்டார்கள். சென்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "வேலை ஆரம்பிச்சாச்சுங்க, அட்வான்ஸ் திரும்ப வராது" என்று முடித்துவிட்டார்கள்.

அந்த ராத்திரி தூங்கவில்லை. போலீஸ் வரும், காலேஜுக்குப் புகார் போகும் என்றெல்லாம் மனசு ஓடியது. அப்பாவிடம் சொல்லப் பயம். சட்டத்தைத் தேடிப் படித்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினியிலிருந்து தரவைப் பதிவிறக்கினாலோ, நகலெடுத்தாலோ, பிரித்தெடுத்தாலோ இழப்பீடு கேட்கலாம் என்கிறது. அதன் இயக்கத்துக்கு இடையூறு செய்வதும் அதே பிரிவில் வருகிறது. எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கத்துக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடலாம். ப்ராஜெக்ட் செய்கிற ஒரு மாணவிக்கு அந்த வாதத்தில் போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அனுமதி என்று ஒரு மின்னஞ்சல் கையில் இருந்தால் கேள்வியே எழாது.

அதன் பிறகு அந்தத் தளத்தை நானே கையால் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். கடிதம் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டியதை எடுக்க எத்தனை பக்கம் போதும் என்பதுதான் முதல் கேள்வி. சென்டரின் புரோகிராம் நாட்காட்டியில் உள்ள ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாகத் திறந்திருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு அது 4,017 பக்கம். ஆனால் அதே தளத்தில் மாதப் பக்கம் என்று ஒன்று இருந்தது. முப்பது நாள் அளவும் ஒரே அட்டவணையில். பதினோரு வருஷத்துக்கு 132 பக்கம், அவ்வளவுதான். பக்கத்துக்கு 60 கேபி என்று வைத்தால் மொத்தம் 8 எம்பி. ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 விநாடி காத்திருந்தாலும் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். தேதி தேதியாகப் போனால் 240 எம்பி, பதினோரு மணி நேரம். இந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் எழுதினால், தன் தளத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

இரண்டாவது, தளத்தின் முகவரிக்குப் பின்னால் `/robots.txt` என்று சேர்த்துத் திறந்து பாருங்கள். புரோகிராம்கள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று உரிமையாளர் எழுதி வைக்கும் சின்னக் கோப்பு அது. நான் பார்த்தது இப்படி இருந்தது:

```
User-agent: *
Crawl-delay: 10
Disallow: /photos/
```

எந்தப் புரோகிராமாக இருந்தாலும் பத்து விநாடி இடைவெளி விட வேண்டும், படங்கள் இருக்கும் பகுதிக்குள் போகக்கூடாது. இந்த `Crawl-delay` வரி 2022-இல் வந்த முறையான தரத்தில் இல்லை. பெரிய தேடுபொறிகளில் சில இதைக் கண்டுகொள்வதும் இல்லை. ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றால் அது அவருடைய விருப்பம். அந்த எண்ணையே கடிதத்தில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தக் கோப்பு தடுக்கவில்லை என்பதற்காக அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. எடுத்ததை வைத்து நீங்கள் என்ன செய்யலாம் என்பதைப் பற்றி இது ஒன்றுமே பேசுவதில்லை.

புதுக் கடிதத்தில் அந்த சாயங்காலம் நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். தோழிகள் வேண்டாம் என்றார்கள். சர்வரின் பதிவேட்டில் ஐபி, நேரம், திறந்த பக்கம், புரோகிராமின் பெயர் போன்றவைதான் விழும். பெயர் வைக்காமல் விட்டால் `python-requests` என்று பொதுவாக இருக்கும். அது நான் சொல்லி வந்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் பின்னால் தெரியவந்தால் என் கடிதத்தில் உள்ள மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார் என்று தோன்றியது. சொல்லிவிட முடிவு செய்தேன். தலைப்பு வரியில் "2013–2023 மழை அளவுகளை மாணவர் ஆய்வுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டு" என்று போட்டேன். இணைப்பு எதுவும் வைக்கவில்லை. முன்பின் தெரியாதவர் அனுப்பும் பிடிஎஃப்பை யாரும் திறக்கப் பயப்படுவார்கள். கடிதம் இதுதான்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நான் சேலத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். ஏற்காட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் பூமழை பற்றி என் படிப்புக்கான ஆய்வைச் செய்கிறேன். வானிலைத் துறையின் கட்டக் கணக்கில் மலையும் நகரமும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், உங்கள் தோட்டத்தில் அளந்த மழைக்கணக்கு எனக்குத் தேவைப்படுகிறது.
>
> நான் கேட்பது: 2013 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரையான மாதப் பக்கங்கள் 132. அவற்றில் தேதியும் மழை அளவும் மட்டும். படங்களோ உங்கள் குறிப்புகளோ வேண்டாம்.
>
> எடுக்கும் முறை: நீங்கள் குறிப்பிட்டுள்ளபடி பக்கத்துக்குப் பக்கம் 10 விநாடி இடைவெளி விட்டு, ஒரே இணைப்பில், நீங்கள் சொல்லும் நேரத்தில், ஒரே ஒரு முறை. மொத்தம் 8 எம்பிக்குள், அரை மணி நேரத்துக்குள் முடியும். இந்த அளவுகள் உங்களிடம் கோப்பாக இருந்தால் அதுவே போதும், தளத்தைத் தொடவே தேவையில்லை.
>
> பயன்பாடு: என் ஆய்வறிக்கைக்கு மட்டும். தினசரி அளவுகளை வேறு எங்கும் வெளியிட மாட்டேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன். உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.
>
> ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். இம்மாதம் 12ஆம் தேதி மாலை உங்கள் தளம் சிறிது நேரம் திறக்காமல் போனது. நான் புரோகிராம் எழுதக் கொடுத்திருந்த இடத்தில், அனுமதி வரும்வரை ஓட்டக்கூடாது என்று சொல்லியும் அவர்கள் ஓட்டியதால் நடந்தது அது. அவர்கள் எடுத்தது எதையும் நான் வாங்கவில்லை. அவர்களுடன் வேலையை நிறுத்திவிட்டேன். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.
>
> "சரி" அல்லது "வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். வேண்டாம் என்றால் வேறு தரவைப் பார்த்துக்கொள்கிறேன். என் வழிகாட்டியின் மின்னஞ்சலையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

அனுப்பும் முன் கைடு மேடம் இதன் முதல் வரைவைப் படித்துவிட்டு இரண்டே மாற்றம் சொன்னார். "கல்வி நோக்கத்துக்காக" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு "என் ஆய்வறிக்கைக்கு மட்டும்" என்று போடச் சொன்னார். கல்வி நோக்கம் என்றால் வகுப்பில் பாடம் நடத்துவதிலிருந்து புத்தகம் போடுவது வரை எல்லாம் அதில் அடங்கிவிடும். இரண்டாவது, "விரைவில் பதில் தரவும், ரிவ்யூ நெருங்குகிறது" என்ற வரியை எடுக்கச் சொன்னார். "உன் ரிவ்யூ அவருக்கு என்னம்மா?" என்றார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. முதல் வரி, "எடுத்துக்கொள்ளலாம் அம்மா." தளம் அன்று நின்றதை அவர் கவனித்திருக்கிறார். ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சலும் போயிருக்கிறது. யாரென்று தெரியாமல் குழம்பியிருந்தாராம். புரோகிராம் எல்லாம் வேண்டாம் என்று எக்ஸெல் கோப்பையே அனுப்பியிருந்தார். நிபந்தனை மூன்று. எஸ்டேட்டின் பெயர் வெளியே வரக்கூடாது, தினசரி அட்டவணையைப் பின்னிணைப்பில் போடக்கூடாது, முடிந்ததும் அறிக்கை ஒரு பிரதி அனுப்ப வேண்டும். படித்ததும் அழுகை வந்துவிட்டது.

அதற்குக் கீழே அவர் எழுதியிருந்த குறிப்புகள்தான் என் ப்ராஜெக்ட்டைக் காப்பாற்றின. 2016 வரை அளவுகள் எல்லாம் சென்ட்டில் இருக்கின்றன, 2017 முதல்தான் மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தார். தோட்டக்காரர்கள் மழையை அங்குலம், சென்ட் என்று எழுதுவது பழைய வழக்கம். நூறு சென்ட் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. தளத்தின் அட்டவணையில் "மழை" என்று மட்டும்தான் தலைப்பு, அலகு போடவில்லை. 2015 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 120 என்று இருந்தது. அனுமதி கேட்காமல் எடுத்திருந்தால் அதை 120 மி.மீ., பேய்மழை என்று எண்ணியிருப்பேன். உண்மையில் அது 30.5 மி.மீ., நல்ல ஒரு பூமழை. மொத்தத்தில் 2016க்குப் பிறகு ஏற்காட்டில் மழை நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று ஒரு பொய்யான முடிவுக்கு வந்து, அதற்கு வரைபடமும் போட்டிருப்பேன்.

இன்னொரு குறிப்பு, காலியான கட்டங்களைப் பற்றியது. மழை இல்லாத நாளில் அவர் 0 என்று எழுதுவார். காலியாக விட்டால் அன்று யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். அளக்கிற ஆள் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கோ ஊருக்கோ போயிருந்தால், திரும்பி வந்த அன்று மழைமானியில் சேர்ந்திருக்கும் தண்ணீர் மொத்தமும் அந்த ஒரே நாள் கணக்கில் ஏறிவிடும். ஓர் இடத்தில் இரண்டு நாள் காலி, மூன்றாம் நாள் 62 மி.மீ. அது ஒரே நாளில் பெய்ததா, மூன்று நாளில் இருபது இருபதாகப் பெய்ததா என்று சொல்ல வழியில்லை. ஒரே நாளில் ஓர் அங்குலம் தாண்டியதா என்று தேடுகிற எனக்கு இது முக்கியம். காலியை 0 என்று புரோகிராம் நிரப்பியிருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது. அப்படிப்பட்ட இடங்களைத் தனியாகக் குறித்து, அவற்றைச் சேர்த்தும் விட்டும் இரண்டு கணக்கு போட்டேன். வானிலைத் துறையைப் போலவே இவரும் காலை 8:30க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுகிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆக 10ஆம் தேதிக்கு நேரே இருப்பது பெரும்பாலும் 9ஆம் தேதி மதியமும் இரவும் பெய்த மழை.

ஆகவே அனுமதி கேட்கும்போதே, "இந்த அளவுகளைப் படிக்கும்போது நான் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

பதில் வந்த மின்னஞ்சலை அதன் தேதி, முகவரி எல்லாம் தெரியும்படி பிடிஎஃப்பாகச் சேமித்து, கைடுக்கும் அனுப்பி வையுங்கள். அவருடைய மின்னஞ்சல் முகவரியை மறைத்துவிட்டு அறிக்கையின் பின்னிணைப்பில் வைத்தேன். ரிவ்யூ கமிட்டி அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. போனில் சரி என்று சொன்னாலும், "நீங்கள் போனில் சொன்னபடி..." என்று நிபந்தனைகளை நீங்களே எழுதி அனுப்பி, ஒரு "ஆமாம்" வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அதற்கும் மௌனம் என்றால் வேறு தரவுக்கு மாறிவிடுங்கள், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதனால்தான் ப்ராஜெக்ட் தலைப்பை எழுதிக்கொடுக்கும் முன்பே கடிதம் போய்விட வேண்டும். எனக்கு முதல் ரிவ்யூ அடுத்த பேட்ச்சோடு தள்ளிப்போனதும் 4,500 ரூபாய் போனதும் இந்த வரிசை மாறியதால்தான்.

கோப்பு கொடுக்க மாட்டேன், பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள் என்று உங்களுக்குப் பதில் வந்தால், புரோகிராமுக்கு ஒரு பெயர் வைத்து உங்கள் முகவரியையும் அதில் சேருங்கள்:

```
User-Agent: YercaudRainStudy/1.0 (student project; mailto:name@college.example)
```

பதிவேட்டில் இந்த வரி விழுந்திருந்தால், ஏதாவது தப்பாகப் போகும்போது ஆளைத் தடுப்பதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பார்கள். நடுவில் `429` என்று வந்தால் வேகம் அதிகம் என்று பொருள், உடனே நிறுத்துங்கள். கூடவே `Retry-After` என்று விநாடிக் கணக்கு வந்தால் அதுவரை காத்திருங்கள். `403` வந்தால் இணைப்பை மாற்றி மறுபடி முயற்சி செய்யாதீர்கள். உரிமையாளருக்கு எழுதுங்கள்.

இப்போது என் ஜூனியர் ஒருத்தி இதே தளத்தில் 2024 முதல் உள்ள அளவுகளை வைத்து வேலை செய்ய நினைக்கிறாள். என்னிடம் உள்ள கோப்பைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. எனக்குக் கிடைத்த அனுமதி என் அறிக்கைக்கு மட்டும்தான், யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை ஒரு ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டுமென்றாலும் நானே அவரிடம் மறுபடி கேட்டாக வேண்டும். என் கடிதத்தை மட்டும் அவளுக்கு அனுப்பினேன். வருஷம், பக்க எண்ணிக்கை, நேரம் மூன்றையும் அவளே எண்ணிப் போட வேண்டும் என்றும், `robots.txt` மாறியிருக்கிறதா என்று அன்றைக்கே திறந்து பார்க்கச் சொல்லியும் எழுதியிருக்கிறேன்.